டாரட்ல டெத் கார்டு வந்தா யாராவது சாகப்போறாங்கன்னு அர்த்தமா? பயந்து உக்காந்திருக்கிறவங்களுக்கு அதை எப்படி படிச்சுக் காட்டுறது

போன ஆடி மாசம் ஒரு சாயங்காலம் எனக்கு ரொம்ப நாளா பழக்கமான ஒரு அக்கா வீட்டுக்கு வந்தாங்க. பன்னெண்டு வருஷமா தையல் கடை வச்சிருக்காங்க. ஆடில கல்யாணம் கிடையாது, பிளவுஸ் ஆர்டரும் கம்மி, அதோட வாடகைய வேற ஏத்திட்டாங்க, கடைய மூடிடலாமா இல்ல இன்னும் ஒரு வருஷம் இழுத்துப் பிடிக்கலாமான்னு ஒரே கொழப்பம் அவங்களுக்கு. நான் டாரட்னு சொல்ற படம் போட்ட சீட்டுக்கட்ட வச்சு குறி பார்க்கிறவன், சரி ஒரு மூணு கார்டு எடுத்துப் பார்ப்போம்க்கான்னு உக்காந்தோம். மொதல் ரெண்டு கார்டு வரைக்கும் நல்லா பேசிட்டு இருந்தாங்க. மூணாவத திருப்புனதும் கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளக் குதிரை மேல. கீழ இங்கிலீஷ்ல டெத்னு எழுதியிருக்கு. அக்காவோட கை தானா போய் தாலிக்கொடிய பிடிச்சுக்கிச்சு. ஒரு அஞ்சு செகண்ட் பேச்சே இல்ல, அப்புறம் மெதுவா "அம்மாவுக்கா தம்பி?"ன்னு கேட்டாங்க.

டாரட் பார்க்க ஆரம்பிக்கிற எல்லாருக்கும் இந்த நிமிஷம் ஒரு நாள் வரும். அந்த நேரத்துல என்ன பண்ணணும்னு தெரியாம நான் ஆரம்பத்துல நெறைய தப்பு பண்ணியிருக்கேன், கார்ட டக்குனு எடுத்து டெக்குக்குள்ள சொருகியிருக்கேன், "அய்யோ அது ஒண்ணுமே இல்ல, நல்ல கார்டுதான்"னு சிரிச்சு மழுப்பியிருக்கேன். ரெண்டுமே எதிர்ல இருக்கிறவங்க பயத்த அதிகமாத்தான் ஆக்கும். கார்ட ஒளிச்சா "ஏதோ தெரிஞ்சிருக்கு, சொல்ல மாட்டேங்கிறான்"னு தோணும். சிரிச்சா "நம்ம பயத்த இவன் மதிக்கல"ன்னு தோணும். அதனால அந்தக் கார்ட மேஜை மேலயே வச்சு, நிதானமா படிச்சுக் காட்டுறது எப்படின்னு இங்க எழுதுறேன், புதுசா கத்துக்கிறவங்களுக்கும் சரி, கார்டு வந்துட்டு தூக்கம் வராம உக்காந்திருக்கிறவங்களுக்கும் சரி.

மொதல்ல ஒரு சின்ன கணக்கு, ஏன்னா பயம் பாதி அங்கயே எறங்கிடும். ஒரு டாரட் டெக்குல மொத்தம் 78 கார்டு. அதுல 22 பெரிய கார்டு, மேஜர் அர்கானான்னு சொல்லுவாங்க, மீதி 56 சின்ன கார்டு. டெத் அந்த 22ல 13ம் நம்பர். மூணு கார்டு எடுத்தா அதுல டெத் இருக்க வாய்ப்பு 26ல ஒண்ணு. பத்து கார்டு வச்சுப் பார்க்கிற கெல்டிக் கிராஸ்னு ஒரு ஸ்ப்ரெட் இருக்கு, அதுல பார்த்தா கிட்டத்தட்ட எட்டு பேர்ல ஒருத்தருக்கு இந்தக் கார்டு வரும். நான் வாரத்துக்கு ஒரு அஞ்சு பேருக்கு மூணு கார்டு வச்சுப் பார்க்கிறேன்னு வைங்க, வருஷத்துல சராசரியா ஒரு பத்து தடவை இது என் மேஜைக்கு வரும். அது சீட்டுக் குலுக்குற கணக்கு, அவ்வளவுதான். கார்டுக்கு யாரோட ஆயுளும் தெரியாது. எத்தனை வருஷம் கார்டு பார்த்தவங்களா இருந்தாலும் சரி, யாரோ ஒருத்தர் எப்போ போவாங்கன்னு இதுல பார்த்துச் சொல்ல முடியும்னு சொன்னா நம்பாதீங்க.

இந்தக் கார்டு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் லேசாகும். டாரட் ஜோசியத்துக்காக பிறந்ததே இல்ல. 15ம் நூற்றாண்டுல வட இத்தாலில, மிலான் பக்கம், பணக்காரங்க வீட்டுல ஆடின சீட்டாட்டம் அது. நம்ம ஊர் சீட்டாட்டத்துல துருப்பு இருக்குல்ல, அதே மாதிரி இதுல 21 துருப்பு வரிசையா நம்பர் படி, பெரிய நம்பர் சின்ன நம்பர வெட்டும், நம்பர் இல்லாத ஃபூல் கார்டு மட்டும் தனி. பின்னாடி நெலைச்ச வரிசைப்படி பார்த்தா 4 சக்கரவர்த்தி, 5 போப், 13 சாவு. அதாவது ராஜாவையும் போப்பையும் சாவு வெட்டிடும், அன்னிக்கு ஐரோப்பால பிளேக் வந்து போன ஞாபகம் எல்லார் வீட்டுலயும் இருந்துச்சு, சாவுக்கு முன்னாடி பெரிய ஆளு சின்ன ஆளு கிடையாதுங்கிறது அவங்களுக்கு தெரிஞ்ச விஷயம். ஆனா நான் பயந்தவங்களுக்கு எப்பவும் சொல்றது இதுக்கு அடுத்தது: அதே ஆட்டத்துல சாவையே வெட்டுற துருப்பு இன்னும் எட்டு இருக்கு. 14லருந்து 21 வரைக்கும். நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் எல்லாமே 13க்கு மேல. அந்த ஆட்டத்த ஆடுனவங்களுக்கு சாவு கடைசி சீட்டே இல்ல, நடுவுல வர்ற ஒரு சீட்டு. இத வச்சு எதிர்காலம் சொல்ற பழக்கம் பெருசா ஆனது 18ம் நூற்றாண்டு கடைசில பாரிஸ்ல, ஆட்டம் வந்து முன்னூறு வருஷத்துக்கு அப்புறம்.

இப்போ படத்துக்கு வருவோம், ஏன்னா உண்மையான வேலை இங்கதான் இருக்கு. நம்மில் நெறைய பேர் கைல இருக்கிறது 1909ல லண்டன்ல வந்த டெக், ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுங்கிறவர் யோசிச்சு, பமீலா கோல்மன் ஸ்மித்ங்கிற அம்மா வரைஞ்சது. பயந்தவங்க கண்ணு எலும்புக்கூட்டுல மட்டும்தான் நிக்கும். நாம பண்ண வேண்டியது அந்தக் கண்ண மெதுவா மத்த இடத்துக்கு கூட்டிட்டுப் போறது, அவ்வளவுதான். நானா அர்த்தம் எதுவும் சொல்ல மாட்டேன், கார்ட அவங்க பக்கம் திருப்பி வச்சு "அக்கா, இதுல வேற யாரெல்லாம் இருக்காங்கன்னு பாருங்க"ன்னு கேட்பேன்.

கீழ ஒரு ராஜா மல்லாந்து கிடக்கிறார், கிரீடம் தனியா விழுந்து கிடக்கு. குதிரைக்கு முன்னாடி மஞ்சள் உடுப்புல ஒரு பிஷப் கை கூப்பி நிக்கிறார். ஒரு பொண்ணு முட்டி போட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டிருக்கா. ஒரு சின்ன குழந்தை, நீல உடுப்புல, அது மட்டும் பயப்படாம அந்தக் குதிரைக்காரன நிமிர்ந்து பார்க்குது. ஒரே விஷயம் வருது, நாலு பேரும் நாலு விதமா எதிர்கொள்றாங்க: ஒருத்தர் விழுந்துட்டார், ஒருத்தர் கெஞ்சுறார், ஒருத்தி பார்க்க மாட்டேங்கிறா, குழந்தை பார்க்குது. இந்த இடத்துல நான் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "இதுல நீங்க யாரு மாதிரி இருக்கீங்க இப்போ?" பெரும்பாலும் அந்தப் பொண்ணைத்தான் காட்டுவாங்க. அந்த அக்காவும் அவளைத்தான் காட்டுனாங்க.

அப்புறம் குதிரைக்காரன் கைய பாருங்க. நம்ம ஊர்ல சாவுன்னா மனசுல வர்றது எமன், எருமை மாடு, கைல பாசக்கயிறு. இந்தப் படத்துல இருக்கிறவன் கைல கயிறும் இல்ல, கத்தியும் இல்ல, அரிவாளும் இல்ல. ஒரு கறுப்புக் கொடி, அதுல அஞ்சு இதழ் வெள்ள ரோஜா. அவன் யாரையும் வெட்டல, துரத்தல, குதிரை நடை போட்டுப் போயிட்டு இருக்கு. படத்தோட பின்னாடி ஒரு ஆறு, அதுல சின்னதா ஒரு படகு. வலது ஓரத்துல தூரமா ரெண்டு கோபுரம், அதுக்கு நடுவுல சூரியன். அது உதிக்குதா மறையுதான்னு படத்துல தெரியாது, கார்டு பார்க்கிறவங்களுக்குள்ளயே அதுல ரெண்டு கட்சி உண்டு. வெயிட் அத சாவே இல்லாத வாழ்வோட சூரியன்னுதான் எழுதி வச்சிருக்கார். இவ்வளவையும் கண்ணால தேடிப் பார்க்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள மூச்சு சரியாயிடும், இத நான் எத்தனையோ தடவை பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன். கண்ணு வேலை செய்ய ஆரம்பிச்சா அந்த மொதல் அதிர்ச்சி எறங்குது.

பழைய பிரெஞ்சு டெக்கு ஒண்ணு இருக்கு, மார்செய் டெக்னு சொல்லுவாங்க, அதுல இந்தக் கார்டுக்கு பெரும்பாலும் பேரே போட மாட்டாங்க, 13ங்கிற நம்பர் மட்டும்தான். எலும்புக்கூடு அரிவாளோட கறுப்பு மண்ணுல நின்னு அறுத்துட்டு இருக்கும், மண்ணுல தலையும் கையும் காலும் கிடக்கும், அதுக்கு நடுவுலயே செடியும் முளைச்சிருக்கும். பார்க்க கொடூரமாத்தான் இருக்கு, ஆனா வயக்காட்ட பார்த்து வளர்ந்தவங்களுக்கு அது என்ன வேலைன்னு சட்டுனு புரிஞ்சிடும். அறுவடை முடிஞ்சாத்தான் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்கும். பயந்தவங்க யாராவது விவசாயக் குடும்பமா இருந்தா இந்தப் படத்தையும் நான் போன்ல காட்டுறது உண்டு.

சரி அப்போ அந்தக் கார்டு என்னதான் சொல்லுது? ஒரு விஷயம் முடியுது, முடிஞ்சது திரும்ப வராது. இதுதான் அடிப்படை. இங்க கார்டு பார்க்கிற நெறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க, பயந்தவங்களைப் பார்த்ததும் "இது டிரான்ஸ்ஃபர்மேஷன், புதுப் பிறவி, செம கார்டு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிடுவாங்க. எனக்கு அது பிடிக்காது. முடிவுன்னா வலி இருக்கும், ராஜா விழுந்துதான் கிடக்கிறார், அத மறைச்சுட்டு சக்கரைப் பாகு ஊத்துனா எதிர்ல இருக்கிறவங்களுக்கு நாம பொய் சொல்றோம்னு தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் நாம சொல்ற நல்லதும் ஏறாது. அதே மாதிரி "இது ஒரு நாளும் சாவைக் குறிச்சதே இல்ல"ன்னும் அடிச்சு சொல்லாதீங்க. வெயிட்டே தன்னோட விளக்கத்துல இந்தக் கார்டுக்கு முடிவு, இறப்பு, அழிவுன்னுதான் வரிசையா போட்டிருக்கார். அவங்க வீட்டுக்குப் போய் போன்ல தேடுனா அந்த வரி கண்ணுல பட்டுடும், பட்டதும் "தம்பி நம்மகிட்ட மறைச்சுட்டான்"னு ராத்திரி ரெண்டு மணிக்கு பயம் ரெண்டு மடங்கா திரும்பி வரும். அதனால நானே முன்னாடி சொல்லிடுவேன்: பழைய புத்தகத்துல அப்படியும் எழுதியிருக்கு, அது நூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்க போட்ட பட்டியல், ஒரு அட்டையில படம் வந்ததால யாரோட உடம்புக்கும் எதுவும் ஆகாது, இன்னிக்கு ஒழுங்கா கார்டு பார்க்கிற யாரும் இத வச்சு சாவு சொல்ல மாட்டாங்க.

இப்போ அந்த அக்கா மேட்டருக்கு வர்றேன், ஏன்னா எப்படி படிக்கிறதுங்கிறது அதுல முழுசா இருக்கு.

அவங்க "அம்மாவுக்கா"ன்னு கேட்டதும் நான் கார்டு பத்தி எதுவும் பேசல. "ஏன்க்கா அம்மா ஞாபகம் வந்துச்சு?"ன்னு கேட்டேன். பொங்கல் சமயத்துல அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சிருக்காங்க, அதுலருந்து ராத்திரி போன் அடிச்சாலே தூக்கிவாரிப் போடுதாம். கவனிங்க, அந்த பயம் கார்டுலருந்து வரல. ஆறு மாசமா வீட்டுலயே இருந்துச்சு, எங்க போய் உக்காரலாம்னு தேடிட்டு இருந்துச்சு, இந்தப் படம் கிடைச்சதும் வந்து உக்காந்துருச்சு. இதுதான் டெத் கார்டுல மொதல்ல பிரிச்சுப் பார்க்க வேண்டியது. கார்டு வந்ததும் மனசுல வந்த மொதல் ஆளு யாருன்னு கேளுங்க, அந்தப் பேர சொல்லும்போதே அழுகை வரும், வரட்டும், தண்ணி குடுங்க, அவசரப்படாதீங்க.

அப்புறம் ஒரு பேப்பர்ல அவங்க கேட்ட கேள்விய எழுதுனேன். நான் எப்பவுமே கார்டு எடுக்கிறதுக்கு முன்னாடியே கேள்விய எழுதி வாங்கிடுவேன், அன்னிக்கு விட்டுட்டேன், அது என் தப்பு. எழுதி வச்சிருந்தா அந்த நேரத்துல பேப்பர காட்டினாலே போதும். "கடைய மூடலாமா, ஒரு வருஷம் நடத்தலாமா?" இதுதான் கேள்வி. இதுல அம்மா எங்கயும் இல்ல. கார்டுங்கிறது கேட்ட கேள்விக்கு உள்ளதான் பேசும், இது டாரட்ல ரொம்ப அடிப்படையான ஒழுங்கு, தையல் கடை பத்தி கேட்டா தையல் கடைக்குள்ளதான் எலும்புக்கூட்ட தேடணும். அக்காகிட்ட இத சொன்னதும் தாலிக்கொடிலருந்து கை எறங்குச்சு.

மூணு இடம் நாங்க வச்சது, இதுவரைக்கும் இருந்தது, இப்போ இருக்கிறது, அடுத்து வர்றது. மொத இடத்துல எயிட் ஆஃப் பென்டக்கிள்ஸ். ஒரு பையன் பெஞ்சுல உக்காந்து சுத்தியும் உளியும் வச்சு ஒவ்வொரு காசா செதுக்கிட்டு இருப்பான், முடிச்சது பக்கத்துல மாட்டியிருக்கும். அக்கா அதப் பார்த்ததுமே "நான்தான் இது"ன்னு சொல்லியிருந்தாங்க, பன்னெண்டு வருஷமா மிஷின்ல குனிஞ்ச தலை. ரெண்டாவது ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ். ஒருத்தன் ஒரு காச நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கான், ரெண்டு காச கால் வச்சு மிதிச்சுட்டு இருக்கான், தலை மேல ஒண்ணு. ஒரு காசும் போயிடக்கூடாதுன்னு பிடிச்சதுல அவனால எந்திரிச்சு நடக்கவும் முடியாது. அக்கா கடைக்குக் குடுத்த அட்வான்ஸ் வாடகைல கழிஞ்சிட்டே வர்றது, பழைய கஸ்டமர் போயிடுவாங்கன்னு ரேட் ஏத்தாம வச்சிருக்கிறது, ஆள் வைக்காம எல்லாத்தையும் தானே பண்றது, எல்லாம் அதுல வந்துச்சு. மூணாவது டெத்.

இந்த வரிசைல வச்சுப் பாருங்க. உழைச்சு உருவாக்குனது, அத இறுக்கிப் பிடிச்சுட்டு இருக்கிறது, அப்புறம் அந்தப் பிடி விடறது. இங்க முடியப்போறது அந்தக் கடை இப்போ இருக்கிற உருவம். தொழிலே போயிடும்னு அதுல இல்ல, எயிட் ஆஃப் பென்டக்கிள்ஸ் பையனோட கைவேலைய யாரும் பிடுங்கல, பிடுங்கவும் முடியாது. ஆனா "இன்னும் ஒரு வருஷம் இதே மாதிரி ஓட்டிடலாம்"ங்கிற வழிக்கு இந்தக் கார்டு கைய விரிக்குது. அக்காகிட்ட நான் அப்படியேதான் சொன்னேன், "இதே மாதிரி தொடர முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்னு நினைக்கிறேன்க்கா, கார்டு அதத்தான் திருப்பி சொல்லுது." அவங்க ரொம்ப நேரம் அந்த ராஜாவோட கிரீடத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, போர்டுல அவங்க பேரு பெருசா எழுதியிருக்காம், அவங்க வீட்டுக்காரர் கைப்பட எழுதுனதாம், அத எப்படி கழட்டுறதுன்னுதான் இத்தனை நாளும் தள்ளிப்போட்டுட்டு இருந்தேன்னு. கணக்கு வழக்கெல்லாம் அவங்களுக்கு முன்னாடியே தெளிவா இருந்திருக்கு, போர்டுதான் தடுத்திருக்கு. அந்த இடத்துலதான் எங்க ரெண்டு பேருக்குமே டெத் கார்டு எதைப் பத்தின்னு புரிஞ்சுச்சு.

அந்தக் கார்டு வேற இடத்துல வந்திருந்தா வேற மாதிரி படிக்கணும், அதையும் சொல்லிடறேன். மொத இடத்துல வந்திருந்தா முடிவு ஏற்கனவே நடந்தாச்சு, அதோட துக்கத்துல இன்னும் இருக்காங்கன்னு படிக்கலாம். அந்த மாதிரி சமயத்துல உண்மையிலயே வீட்டுல யாராவது தவறியிருக்கலாம், அப்போ "இது வெறும் உருவகம்"னு வாய விடாதீங்க, அவங்களுக்கு அது உருவகம் இல்ல. யாரப் பத்தின்னு கேட்டு, அவங்க பேசறத கேட்டாலே போதும். நடு இடத்துல வந்தா இப்போ ஒண்ணு முடிஞ்சிட்டு இருக்கு, பாதி விட்டாச்சு பாதி விடலன்னு.

பக்கத்துல வர்ற கார்ட வச்சும் மாறும். டெத் கூட ஸ்டார் வந்தா அந்த முடிவுக்கு அப்புறம் ஆறுதல் இருக்குன்னு படிப்பேன். இடி விழுந்து கோபுரம் சரியிற டவர் கார்டு வந்தா முடிவு சத்தமா, திடுதிப்புன்னு வருதுன்னு படிப்பேன், அப்பவும் அது வேலை, வீடு, உறவுக்குள்ளதான், உயிருக்குள்ள இல்ல. 13க்கு அடுத்து 14 டெம்பரன்ஸ்னு ஒரு கார்டு, ஒரு தேவதை ரெண்டு கோப்பைக்கு நடுவுல தண்ணி ஊத்தி கலந்துட்டு இருக்கும். ரொம்ப பயந்தவங்களுக்கு அந்தக் கார்ட டெக்குலருந்து தேடி எடுத்து பக்கத்துல வச்சு "இதுக்கு அடுத்த பக்கம் இதுதான்"னு காட்டுவேன். இது எடுத்த கார்டு இல்ல, காட்டுறதுக்காக வச்சதுன்னு சொல்லிட்டுத்தான் வைப்பேன், அத மறைச்சு வச்சா அது ஏமாத்து.

தலைகீழா வர்றது பத்தியும் நெறைய பேருக்கு கொழப்பம். ரிவர்ஸ்டா வந்தா "கண்டம் தப்பிச்சுது"ன்னு சிலர் சொல்லுவாங்க, கேட்க ஆறுதலாத்தான் இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, தலைகீழா வந்தா தப்பிச்சுதுன்னா நேரா வந்தா தப்பிக்கலன்னு ஆயிடுது, நீங்களே அந்த பயத்துக்கு முத்திரை குத்திக் குடுத்த மாதிரி. வெயிட் தலைகீழுக்கு குடுத்த அர்த்தம் அசைவில்லாம கிடக்கிறது, தூக்கம், கல்லா உறைஞ்சு போறது. முடிஞ்சு போனத முடிஞ்சுதுன்னு ஒத்துக்காம அப்படியே உக்காந்திருக்கிறது. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இன்னும் ஒரு தப்பு, இது ரொம்ப சகஜம். பயந்தவங்க "இன்னொரு கார்டு எடுங்க, இது சரியா குலுக்கல"ன்னு கெஞ்சுவாங்க. நாமளும் பாவம்னு எடுத்துடுவோம். அதுல டென் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை, முதுகுல பத்து வாள் குத்திக் கிடக்கிற ஆளு. அப்புறம் அதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணுன்னு பதினஞ்சு கார்டு ஆயிடும், பதினஞ்சு கார்டுல பயமுறுத்துற மாதிரி நாலு கண்டிப்பா இருக்கும், பயந்தவங்க கண்ணு அந்த நாலைத்தான் எடுத்துக் கோக்கும். எடுக்கிறதா இருந்தா ஒரே ஒரு கார்டு, அதுவும் தெளிவான கேள்வியோட, "இந்த முடிவ நான் எப்படி தாங்கிக்கிறது"ங்கிற மாதிரி. அதோட டெக்க மூடிடணும்.

வீட்டுல தனியா உங்களுக்கு நீங்களே பார்த்து இந்தக் கார்டு வந்திருந்தாலும் இதே வழிதான். என்ன கேட்டேன்னு எழுதுங்க. யார் ஞாபகம் வந்துச்சுன்னு எழுதுங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தா அந்த ரெண்டாவது விஷயத்துக்கு கார்டு கிட்ட பதில் இல்ல, அந்த ஆளு கிட்டதான் இருக்கு, போன் பண்ணிப் பேசுங்க. சிலர் பயந்து அந்த ஒரு கார்ட டெக்குலருந்து எடுத்து பீரோல வச்சுடுவாங்க, சிலர் கொளுத்தியும் இருக்காங்க. 77 கார்டோட பார்க்கிறதுல எந்தப் பாவமும் இல்ல, ஆனா ஒளிச்சு வச்ச கார்டு மனசுல பெருசாகிட்டே போகும், அதனால எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

இது எதுக்கு உதவாதுன்னும் சொல்லியாகணும். உடம்பு பத்தின கேள்விய நான் கார்டுகிட்ட எடுத்துட்டுப் போகவே மாட்டேன், "ஆபரேஷன் நல்லபடியா முடியுமா"ன்னு கேட்டா பார்க்க மாட்டேன்னு சொல்லிடுவேன், ஏன்னா அதுல எந்தக் கார்டு வந்தாலும் அவங்க டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்விய கேட்காம விட்டுடுவாங்க. அதே மாதிரி டெத் கார்ட பார்த்துட்டு யாராவது பயப்படறதுக்கு பதிலா "வந்தா நல்லதுதான், எனக்கும் போதும்"ங்கிற மாதிரி ஏதாவது சொன்னா, கார்டெல்லாம் ஓரமா வச்சுடுங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. தனியா விடாதீங்க, 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. அப்புறம் யாராவது "டெத் கார்டு வந்திருக்கு, வீட்டுல ஒரு உயிர் போகும், பரிகாரம் பண்ணணும், இவ்வளவு ஆகும்"னு சொன்னா அந்த நிமிஷமே எந்திரிச்சு வந்துடுங்க, ஒரு ரூபா குடுக்காதீங்க. பயந்தவங்க கிட்ட பணம் பறிக்க இந்தக் கார்டு மாதிரி வசதியான படம் வேற இல்ல, எனக்கு தெரிஞ்சே ஒரு குடும்பம் நகை வச்சு பணம் கட்டியிருக்கு, அத நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

அந்த அக்காகிட்ட கடைசியா அம்மா பத்தி பேசினோம். ஸ்டென்ட் வச்சதுக்கு அப்புறம் மாத்திரைய ஒழுங்கா போடறாங்களா, அடுத்த செக்கப் எப்போன்னு கேட்டேன். செக்கப் தேதி தாண்டி மூணு வாரம் ஆயிருக்கு, கடைய விட்டுட்டுப் போக முடியல, அம்மாவும் வேண்டாம்னுட்டாங்களாம். சொல்லும்போதே அவங்களுக்கு அந்த பயம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுடுச்சு, நான் ஒண்ணும் சொல்லல. அங்கயே உக்காந்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு வியாழக்கிழமைக்கு டைம் வாங்குனாங்க.

மூணு கார்டையும் அவங்க கையாலயே எடுத்து டெக்குல சேர்க்கச் சொன்னேன், பயந்தவங்க கைல அந்தக் கார்டு ஒரு தடவை போயிட்டு வரணும்னு எனக்கு ஒரு பழக்கம். டெத் கார்ட எடுத்தவங்க உடனே வைக்கல. கிட்ட வச்சுப் பார்த்துட்டு "இந்தக் குழந்தைய நான் மொதல்ல கவனிக்கவே இல்ல தம்பி"ன்னாங்க. டீ ஆறிப்போயிருந்துச்சு, சூடு பண்ணிக் குடுத்தேன். புரட்டாசிலதான் கடைய காலி பண்ணுனாங்க, இப்போ வீட்டு முன் ரூம்லயே ரெண்டு மிஷின் போட்டு தைக்கிறாங்க, அந்த போர்டு உள்ள செவுத்துல மாட்டியிருக்கு.